மூன்று ஃபாரத்தில் ஆறு முப்பத்தெட்டு

எனக்கு நன்றி சொல்லிப் பழக்கமில்லை. திட்டித்தான் பழக்கம். உறைந்த காய்கறி வைக்கும் குளிர்பதனக் கிடங்கில் பதினொரு வருடமாகப் பாதுகாப்பு அதிகாரியாக இருக்கிறேன். ஹெல்மெட் போடாதவர்களைக் கெஞ்சிக்கொண்டிருந்தால் வேலை நடக்குமா? ஆனால் போன மாதம் நடந்ததை நினைத்தால், முகம்கூடத் தெரியாத ஆட்களுக்கெல்லாம் கைகூப்பத் தோன்றுகிறது. அந்த வரிசையில் முதல் ஆள் தொழிலாளர் காப்பீட்டு அலுவலகத்தில் இருக்கும் ஒரு கிளார்க். வருடம் பூராவும் அவருக்கு ஜலதோஷம். நான் வைத்த பெயர் மூக்கடைப்பு. இனிமேல் அப்படிக் கூப்பிட மாட்டேன் என்று சொன்னால் அது பொய், ஆனால் மரியாதையோடு கூப்பிடுவேன்.

நடந்தது இதுதான். ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் கம்ப்ரசர் அறையில் ஒரு வால்வின் அடைப்பு வளையமான கேஸ்கெட் விட்டுப்போய், குளிரூட்டுவதற்கான அமோனியா கசிந்தது. அமோனியா என்றால் சும்மா இல்லை. கண்ணையும் தொண்டையையும் பொசுக்கிவிடும். இரவு ஷிஃப்ட்காரர் அலாரம் கேட்டதும் எல்லோரையும் காற்றடிக்கும் திசைக்கு எதிர்ப்பக்கம் மைதானத்துக்கு விரட்டிவிட்டு, தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டார். அப்போதுதான் காலை ஷிஃப்ட்டுக்காகக் கம்ப்ரசர் அண்ணன் கேட்டுக்குள் நுழைந்தார். இருபத்திரண்டு வருடமாக அந்த இயந்திரங்களோடு குடித்தனம் நடத்துகிறவர். எந்தக் குழாய் எங்கே போகிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். தீயணைப்பு வண்டி வந்ததும், அவரும் ஒரு தீயணைப்பு வீரரும் மூச்சுக் கருவி மாட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். அண்ணன் முன்பக்க வால்வை மூடினார். கசிவு நின்றது. திரும்பி வரும்போது மாஸ்க்கின் பட்டை ஒரு குழாய்த் தாங்கியில் மாட்டி இழுத்துவிட்டது. மாஸ்க் நழுவியது. அறையில் மிச்சமிருந்த வாயு அவர் முகத்தில் அடித்தது. அந்த வீரர் அவரைத் தரதரவென்று வெளியே இழுத்து வந்து கண்கழுவும் குழாயடியில் நிறுத்தினார்.

அந்த வீரர் பெயரும் எனக்குத் தெரியாது. நல்லா இருக்கணும் அவர்.

இப்படி ஒன்று நடந்தால் நான் நாலு இடத்துக்கு எழுத வேண்டும். தொழிற்சாலை ஆய்வாளருக்கு ஒரு ஃபாரம், சுற்றுச்சூழல் துறைக்கு ஒன்று, தொழிலாளர் காப்பீட்டுக்கு ஒன்று, தீயணைப்புத் துறைக்கு ஒன்று. நாலு பேரும் நாலு விதமாகக் கேட்பார்கள். சுற்றுச்சூழல்காரருக்குக் கசிவு எப்போது தொடங்கியது, எத்தனை கிலோ போனது என்று தெரிய வேண்டும். தீயணைப்புக்கு எத்தனை மணிக்கு அழைத்தோம் என்பது. காப்பீட்டுக்கு உடம்பில் எந்த இடத்தில், எந்த நேரத்தில் காயம் என்பது. ஆய்வாளரின் ஃபாரத்தில் 'விபத்து நேரம்' என்று மொட்டையாக ஒரு கட்டம் இருக்கும். காயம்பட்டவர் எத்தனை பேர் என்ற கேள்விக்கே இரண்டு விடை வரும். முதலுதவி பெற்றவர்களையும் ஒருவர் எண்ணச் சொல்வார். அன்று மைதானத்தில் இருமிக்கொண்டிருந்த பேக்கிங் பெண்கள் இருவரையும் சேர்த்தால் மூன்று. வேலைக்கு வர முடியாமல் போனவரை மட்டும் இன்னொருவர் எண்ணச் சொல்வார், அப்போது ஒன்று. இரண்டும் உண்மைதான். ஆனால் 'மூவருக்கு முதலுதவி, அதில் ஒருவர் மருத்துவமனையில்' என்று இரண்டிலும் முழுசாக எழுதாவிட்டால், பிற்பாடு யாராவது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து நம்மைப் பொய்க்காரி ஆக்கிவிடுவார்கள்.

அதனால் நான் எப்போதும் முதலில் ஒரு தாளை எடுத்துக்கொள்வேன். அதற்குத் தாய்த்தாள் என்று பெயர் வைத்திருக்கிறேன். நடந்தது ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், நேரம், யார் பார்த்தார்கள், எந்தக் கடிகாரம். அலாரப் பேனலின் கடிகாரம் நாலு நிமிடம் வேகம், ஆகவே அது காட்டிய ஆறு நாற்பத்திரண்டு உண்மையில் ஆறு முப்பத்தெட்டு; இப்படி எல்லாம் அதில் இருக்கும். எந்த ஃபாரமும் அந்தத் தாளைப் பார்த்துத்தான் நிரப்பப்பட வேண்டும். ஒரு ஃபாரத்தைப் பார்த்து இன்னொரு ஃபாரத்தை எழுதக் கூடாது. இதைச் சொல்லிச் சொல்லியே அலுவலகத்தில் எல்லோர் காதும் புளித்துப்போயிருக்கிறது.

அந்தச் சனிக்கிழமையும் தாய்த்தாள் எழுதினேன். ஆறு முப்பத்தெட்டு கசிவு தொடக்கம். ஆறு நாற்பத்துநாலு தீயணைப்புக்கு அழைப்பு. ஆறு ஐம்பத்திரண்டு அண்ணன் கேட்டில் கார்டு தேய்த்தது. ஏழு ஒன்று வண்டி வந்தது. ஏழு எட்டு இருவரும் அறைக்குள். ஏழு பதினாறு வால்வு மூடியது. ஏழு பதினெட்டு காயம். அதைப் பார்த்துச் சுற்றுச்சூழல் ஃபாரத்தையும் தீயணைப்பு ஃபாரத்தையும் முடித்தேன். அதற்குள் மேனேஜர் வந்து, முதலாளிக்குப் போனில் படித்துக்காட்ட வேண்டும் என்று தாளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மருத்துவமனையிலிருந்து போன் மேல் போன். அண்ணனுக்கு மூச்சுக்குழாய் வீங்கியிருக்கிறது என்றார்கள். ஒரு காதில் அதைக் கேட்டுக்கொண்டே, கண்ணெதிரில் கிடந்த சுற்றுச்சூழல் ஃபாரத்தைப் பார்த்து மற்ற இரண்டையும் நிரப்பிவிட்டேன்.

ஆமாம், நானேதான். ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள்.

புதன்கிழமை பதினொரு மணிக்கு மூக்கடைப்பு போன் செய்தார்.

"மேடம், உங்க ஆபரேட்டர் ஃபைல் விஷயமா. அவரு உள்ள வர்றதுக்குப் பதினாலு நிமிஷம் முன்னாடியே காயம்பட்டிருக்காரே, எப்படி?"

"என்ன சார் உளர்றீங்க?"

"நான் உளறல. நீங்க எழுதினதைத்தான் படிக்கிறேன். காயம் ஏற்பட்ட நேரம் ஆறு முப்பத்தெட்டு. கூட வச்சிருக்கிற கேட் ரிக்கார்டுல ஆறு அம்பத்திரண்டு."

"எழுதும்போது தப்பாயிருக்கும் சார். மாத்திக் குடுத்துடறேன்."

"அப்படித்தான் நானும் நினைச்சேன் மேடம். சரிபார்க்கலாம்னு ஆய்வாளர் ஆபீசுல கேட்டேன். அங்கயும் விபத்து நேரம் ஆறு முப்பத்தெட்டு. சுற்றுச்சூழல்லயும் ஆறு முப்பத்தெட்டு. மூணு ஃபாரமும் அச்சு மாதிரி ஒத்துப்போகுது. அப்ப எது பொய்யா இருக்கும்? கேட் ரிக்கார்டுதானே?"

அவர் மூக்கை உறிஞ்சிவிட்டு மேலே சொன்னார்.

"வேற யாரோ அவருக்காகக் கார்டு தேய்ச்சிருக்காங்கன்னு எங்க விசாரணைக்காரர் எழுதிட்டாரு. அதாவது, இவரு டியூட்டிக்கு முன்னாடியே உள்ள போயி, கசிவு ஆரம்பிச்ச நேரத்துல அந்த ரூம்லதான் இருந்திருக்காரு. ஏதோ நோண்டியிருக்காரு. காலையில ஆஸ்பத்திரிக்கே போய்க் கேட்டுட்டு வந்துட்டாரு. இன்னைக்கு நாலு மணிக்கு ஃபைல் மேல போகுது. போயிடுச்சுன்னா அது என் கையில இல்ல. எனக்கென்னமோ உங்க கையெழுத்துல இவ்வளவு நாளா ஒரு தப்பும் பார்த்ததில்ல, அதான் ஒரு வார்த்தை கேட்டுடலாம்னு."

அவர் கேட்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை. அவர் ஃபாரத்தில் 'நிறுவனத்தை அழைத்துக் கேட்கவும்' என்று ஒரு கட்டமும் கிடையாது. அந்த மனிதர் வாயில் சர்க்கரை போட வேண்டும்.

போனை வைத்தவுடன் அடுத்த அழைப்பு. அண்ணி. கம்ப்ரசர் அண்ணனின் மனைவி.

"காலையில ஒருத்தர் வந்தாரும்மா. இவரு கண்ணக் கட்டிப் படுத்திருக்காரு, தொண்டையில குழாய். பேச முடியாத மனுஷன்கிட்ட, கார்டை யாரு தேய்ச்சாங்கன்னு கேட்கிறாரு. இல்லன்னு தலையை ஆட்டி ஆட்டி இவருக்கு மூச்சு வாங்கிடுச்சு. சான்றிதழைப் பிடுங்கிடுவாங்களாம்மா?"

"யாரு பிடுங்குவா? நான் இருக்கேன் அண்ணி."

வாய் அப்படிச் சொன்னது. உண்மையில் பிடுங்கியிருப்பார்கள். பொய்க் கார்டுக்கு எங்கள் கம்பெனியில் வேலையே போகும். அனுமதியில்லாமல் கம்ப்ரசர் அறையில் இருந்தபோது கசிவு என்றால், ஆபரேட்டர் சான்றிதழ் ரத்து. அதற்குப் பிறகு எந்தக் கிடங்கும் அவரை வாசலில்கூட நிற்க விடாது. கசிவை நிறுத்தப் போனவர், கசியவிட்டவராகிவிடுவார். அதுவும் என் பேனாவால்.

மேனேஜர் பிற்பாடு திருப்பிக் கொடுத்திருந்த தாய்த்தாளை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குள் கதவைத் தட்டாமல் போனேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர்.

"இதுக்குச் சுலபமா ஒரு வழி இருக்கு" என்றார். "கேட்ல அவரோட டைமை ஆறரைன்னு மாத்திட்டா? சிஸ்டம் கோளாறுன்னு ஒரு குறிப்பு. எல்லாம் ஒத்துப்போயிடும், யாரும் கேள்வி கேட்க மாட்டாங்க."

"சார், உங்களுக்கு மூளை இருக்கா இல்லையா? ஆறரைக்கு வந்தாருன்னா, ஆறு முப்பத்தெட்டுக்கு உள்ள இருந்தாருன்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி. தூக்குக் கயிறைத் திரிச்சு நாமளே மாட்டிவிடறதா?"

"சரி சரி, கத்தாதீங்க. அப்ப காப்பீட்டு ஃபாரத்தை மட்டும் மாத்திக் குடுப்போம். கேட்டது அவங்கதானே."

"அங்க ஏழு பதினெட்டு, ஆய்வாளர்கிட்ட ஆறு முப்பத்தெட்டு. நாளைக்கு ரெண்டும் ஒரே மேசைக்கு வரும். காசு கிடைக்கணும்னு மாத்திட்டாங்கம்பாங்க. நாலு இடத்துக்கும் போகணும் சார். ஒரே கடிதம், ஒரு எழுத்து மாறாம. சரியா இருக்கிற ரெண்டு ஃபாரத்துக்கும் சேர்த்து."

"சரியா இருக்கிறவங்களுக்கு எதுக்கு?"

"மத்தவங்க அவங்களைக் கேட்டா, அவங்க கையிலயும் அதே தாள் இருக்கணும்ல."

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "தப்பு எப்படி வந்துச்சுன்னு என்ன எழுதப் போறீங்க?"

"நான் பண்ணினேன்னு எழுதப் போறேன். வேற எப்படி எழுதறது?"

உட்கார்ந்து எழுதினேன். பழைய ஃபாரத்தைக் கிழிக்கச் சொல்லவில்லை. அது அப்படியே இருக்கட்டும், மறைத்தால்தான் சந்தேகம். முன்பு எழுதியது என்ன, சரியானது என்ன, ஆதாரம் என்ன என்று வரிசையாக எழுதினேன். ஆறு முப்பத்தெட்டு என்பது, பேனல் காட்டியதில் அதன் நாலு நிமிட வேகத்தைக் கழித்தால் கிடைக்கும் கசிவு தொடங்கிய நேரம். அது சரி, மாற்றமில்லை. காயம் ஏற்பட்டது ஏழு பதினெட்டு. பாதுகாப்பு அதிகாரியாகிய நான், சுற்றுச்சூழல் ஃபாரத்தைப் பார்த்து மற்ற இரண்டையும் நிரப்பியதால், கசிவின் நேரம் காயத்தின் நேரமாகப் பதிவாகிவிட்டது. தவறு முழுக்க என்னுடையது. காயம்பட்டவர் ஏழு எட்டுக்கு அறைக்குள் நுழைந்தது கசிவை நிறுத்துவதற்காக. எந்த அலுவலகம் எந்தக் கட்டத்தைத் திருத்த வேண்டும், எந்த அலுவலகம் திருத்த வேண்டியதில்லை என்பதையும் அதே கடிதத்தில் போட்டேன்.

ஆதாரம்தான் எனக்கு இடித்தது. ஏழு பதினெட்டு என்று என் தாய்த்தாளில் இருக்கிறது. ஆனால் தப்புச் செய்தவள் தாளை அவளே சாட்சிக்குக் கொண்டுவந்தால் யார் நம்புவார்கள்? தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டேன். போனை எடுத்தது ஒரு அம்மா, வயர்லெஸ்ஸில் கேட்பதையெல்லாம் அன்றன்றைக்கு நோட்டில் எழுதுகிறவர்.

"இருங்க, பார்க்கிறேன்." பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது. "ஏழு எட்டு, நம்ம ஆளு ஒருத்தர், ஆபரேட்டர் ஒருத்தர் உள்ள. ஏழு பதினாறு, வால்வு மூடியாச்சு. ஏழு பதினெட்டு, ஆபரேட்டர் மாஸ்க் கழண்டுடுச்சு, வெளிய இழுக்கிறோம். போதுமா?"

"போதும்மா. போதும். அந்தப் பக்கத்துக்கு ஒரு நகல் முத்திரை போட்டுத் தருவீங்களா?"

"எழுத்து மூலமாக் கேட்டா தருவேன். அழுறீங்களா என்ன?"

"இல்லம்மா, ஜலதோஷம்" என்றேன்.

கடிதத்தை மேனேஜரிடம் கையெழுத்துக்கு நீட்டினேன். முழுசாகப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். பிறகு பேனாவை எடுத்து, 'தவறு முழுக்க என்னுடையது' என்ற வரியில் 'முழுக்க' என்பதை அடித்துவிட்டு, கீழே ஒரு வரி எழுதினார். அந்த நேரத்தில் மூலத் தாளை நான் எடுத்துச் சென்றிருந்தேன், மேலாளர்.

"சார், இது உங்களுக்குத் தேவையில்லாத வம்பு."

"நடந்ததுதானே? நாலு காப்பியும் திரும்ப அடிங்க. கையால எழுதினது ஒண்ணுல மட்டும் இருந்தா, நீங்களே என்னைத் திட்டுவீங்க."

பதினொரு வருடத்தில் முதல்முறையாக அவரிடம் நன்றி என்றேன். அவருக்குத் தூக்கிவாரிப்போட்டிருக்கும்.

ஒரு மணிக்குக் கிளம்பினோம். கம்பெனி வேன் டிரைவர் எந்தத் தெருவில் எத்தனை சிக்னல் என்று கணக்குப் பார்த்து ஓட்டினார். முதலில் தீயணைப்பு நிலையம், நகலுக்காக. அந்தப் பக்கம் நாலு கடிதத்துக்கும் பின்னால் இணைக்கப்பட்டது. பேனல் பதிவும் கேட் பதிவும் அதோடு. பிறகு சுற்றுச்சூழல் துறை. அங்கே ஜன்னலில் இருந்தவர், "எங்க ஃபாரத்துல தப்பே இல்லையே, எதுக்கு வாங்கணும்?" என்று பதினைந்து நிமிடம் இழுத்தார். "தப்பில்லைன்னு தெரிஞ்சுக்கத்தான் சார்" என்று நான் கத்தியதில், பின்னால் வரிசையில் நின்ற ஒரு பெரியவரே, "வாங்கிக்கோங்கய்யா, அந்தம்மா விடாது" என்றார். முத்திரை விழுந்தது. ஆய்வாளர் அலுவலகத்தில் இன்னொன்று.

மூன்று ஐம்பதுக்குக் காப்பீட்டு அலுவலகப் படியேறினேன். மேசைக்குப் பின்னால் கைக்குட்டையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"மூக்க..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். "சார், நான்தான்."

அவர் கடிதத்தை வாங்கி, தீயணைப்பு நோட்டின் நகலைக் கேட் பதிவுக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு பேனல் பதிவு. விரலை ஒவ்வொரு நேரத்தின் மேலும் வைத்து நகர்த்தினார். மூன்று வேறு பதிவு, மூன்று வேறு கடிகாரம். அண்ணன் எங்கே எப்போது இருந்தார் என்று அவை ஒரே மாதிரி சொல்லின.

"இப்ப நேரம் எல்லாம் வேற வேற" என்றார். "ஆனா ஒத்துப்போகுது. அன்னைக்கு எல்லாம் ஒரே நேரம். சுத்தமா ஒத்துப்போகல."

ஃபைலைத் திறந்து, விசாரணைக்காரரின் குறிப்புக்கு மேலே என் கடிதத்தை வைத்துக் கட்டினார். "இது மேல இருந்தா, மேல இருக்கிறவரு இதைத்தான் முதல்ல படிப்பாரு" என்றார்.

திங்கட்கிழமை ஆய்வாளர் நேரில் வந்தார். நாலு அலுவலகத்துக் காகிதங்களையும் வரவழைத்துக்கொண்டு வந்திருந்தார். என் மேசையில் வரிசையாகப் பரப்பி, ஒரு மணி நேரம் ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். கம்ப்ரசர் அறைக்குப் போய் விட்டுப்போன கேஸ்கெட்டைப் பையில் போட்டுக்கொண்டார். போகும்போது, தவறான அறிக்கை கொடுத்ததற்காக எனக்கு எழுத்துமூலமான எச்சரிக்கை என்று சொல்லி ஒரு தாளை நீட்டினார். என் வேலைப் பதிவேட்டில் அது நிரந்தரமாக இருக்கும். அண்ணன் பெயரில் எதுவும் இல்லை என்றும் அதே தாளில் இருந்தது. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். எச்சரிக்கை வாங்கிவிட்டுச் சிரித்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

மூன்று வாரம் கழித்து அண்ணன் வீட்டுக்குப் போனேன். இரண்டு அறை வீடு, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. வெளிச்சம் இன்னும் கூசுகிறது. கட்டைப் பிரித்துவிட்டார்கள், பார்வைக்குப் பழுதில்லை. அண்ணி டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். பள்ளிக்கூடத்துச் சீருடையோடு மகள் வாசற்படியில் நின்றாள். அண்ணன் குரல் இன்னும் கரகரவென்றுதான் வந்தது.

"நீங்க பெரிய உதவி பண்ணீங்க. மறக்க மாட்டேன்."

என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"அண்ணே, நன்றியெல்லாம் சொல்லாதீங்க. உங்களை மாட்டிவிட்டதே நான்தான். தப்பா எழுதினது நான். உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க."

"ஏன் சொல்லல? காயம்பட்டவனுக்கும் ஒரு நகல் வந்துச்சே. புதன்கிழமை சாயங்காலமே பாப்பா ஆஸ்பத்திரியில படிச்சுக் காட்டினா."

டிரைவர் கையில் அதை ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தனுப்பியதே நான்தான், நாலு அலுவலகத்து அவசரத்தில் அந்த ஐந்தாவது நகலை அனுப்பியதையே மறந்துபோயிருந்தேன். மகள் தலையாட்டினாள்.

"கண்ணு கட்டியிருந்துச்சு" என்றார் அண்ணன். "அன்னைக்குக் காலையில வந்தவன் என்னென்னமோ சொல்லிட்டுப் போயிருந்தான். படுத்துக்கிட்டே யோசிச்சேன். ஒருவேளை நான்தான் ஏதாவது பண்ணிட்டேனோ, நினைவில்லையோன்னு. என் மேலயே எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு. பாப்பா படிச்சா. நான் கசிவை நிறுத்தத்தான் போனேன்னு இருந்துச்சு. மனசு நம்பல. கம்பெனிக்காரங்க நமக்காக எழுதினதுதானேன்னு தோணுச்சு." கொஞ்சம் தண்ணீர் குடித்தார். "அடுத்த வரி படிச்சா. தப்பு என்னுடையதுன்னு நீங்க எழுதியிருந்தீங்க. தன்னைப் பத்தியே இப்படி நாலு ஆபீசுக்கு எழுதற பொம்பள, என்னைப் பத்திப் பொய் எழுதியிருக்காதுன்னு நினைச்சேன். அன்னைக்குத்தான் தூங்கினேன்."

அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். டீ ஆறிப்போயிருந்தது, எடுத்து ஒரே மூச்சில் குடித்தேன்.